பேப்பர் போட்டாலும் வேலை போகாது

அலுவலகங்களில் காலங்காலமாக உலவும் ஒரு யோசனை உண்டு. மெமோ வந்து, விசாரணை என்று இழுக்க ஆரம்பித்தால், "அவங்க தூக்குறதுக்கு முன்னாடி நாமளே பேப்பரைப் போட்டுட்டு வந்துடணும்" என்பார்கள் கூட இருப்பவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பேப்பரைப் போட்டவருக்குப் பத்து நாளில் தபாலில் ஒரு பதில் வருகிறது: "தங்களின் ராஜினாமா கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பதால், அது இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மறு உத்தரவு வரும்வரை தாங்கள் பணியில் இருப்பதாகவே கருதப்படுவீர்கள்."

வாங்கியவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். "என்னை யார் தடுக்க முடியும்?" என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வேலைக்குப் போகிறார். இல்லையென்றால், எல்லாக் கதவும் அடைபட்டதாக நினைத்து ஒடுங்கிப் போகிறார். இரண்டுமே தவறாக முடியலாம். இந்தக் கடிதத்துக்குச் சில இடங்களில் பெரிய பலம் உண்டு, சில இடங்களில் துளியும் கிடையாது. அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

உதாரணத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். பொதுத்துறை வங்கி ஒன்றின் கிளையில் துணை மேலாளர், 14 ஆண்டு சர்வீஸ். நகைக்கடன் பெட்டகத்தின் இரட்டைச் சாவிகளில் ஒன்று அவரிடம். வருடாந்திர மறுமதிப்பீட்டில் 9 கடன்களுக்கு அடகு வைத்த நகைகள் கவரிங் என்று தெரிகிறது. மொத்த நஷ்டம் 18 லட்ச ரூபாய். நகை மதிப்பீட்டாளரைக் காணவில்லை. மார்ச் 3ஆம் தேதி, "உங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று விளக்கம் கேட்டு துணை மேலாளருக்கு நோட்டீஸ் வருகிறது. தான் ஒரு பைசா தொடவில்லை, மதிப்பீட்டாளரை நம்பியதுதான் குற்றம் என்பது அவர் தரப்பு. இதற்கிடையில் தனியார் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் வேலை தயாராக இருக்கிறது. மார்ச் 10ஆம் தேதி மூன்று மாத நோட்டீஸோடு ராஜினாமா கொடுக்கிறார். மார்ச் 21ஆம் தேதி வட்டார அலுவலகத்திலிருந்து மேலே சொன்ன பதில் வருகிறது.

இந்த மனிதர் விஷயத்தில் அந்தப் பதில் செல்லும். காரணம், வங்கி அதிகாரிகளுக்கான 1979ஆம் ஆண்டுப் பணி ஒழுங்குமுறைகளின் 20ஆவது விதி. சாதாரணமாக ஓர் அதிகாரி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம். ஆனால், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவர், தகுதியுள்ள அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் விலக முடியாது என்றும், நடவடிக்கைக்கு முன்போ நடக்கும்போதோ அவர் கொடுத்த ராஜினாமா, ஏற்கப்பட்டால் ஒழிய நடைமுறைக்கு வராது என்றும் அந்த விதி வெளிப்படையாகச் சொல்கிறது. எது 'நிலுவை' என்பதையும் அதுவே வரையறுக்கிறது. சஸ்பெண்ட் செய்திருந்தாலும் போதும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் போதும், இறுதி உத்தரவு வரும்வரை நிலுவைதான். நம் துணை மேலாளர் மார்ச் 2ஆம் தேதி கடிதம் கொடுத்திருந்தால்கூட பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. மூன்று மாத நோட்டீஸ் முடிவதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டால் விதி பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு இறுக்கமாக விதி எழுதப்பட்டதன் அவசியத்தைப் புரிந்துகொள்ள, 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கு ஒன்றைப் பார்க்கலாம். அங்கே ஓர் அதிகாரி பின்தேதியிட்டு ராஜினாமா கொடுத்தார். வங்கி அவசரப்பட்டு உடனே ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி அனுப்பிவைத்தது. அவர் குறிப்பிட்ட தேதி வருவதற்கு முன்பே ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுவிட்டார். திரும்பப் பெற்றது செல்லும் என்றது நீதிமன்றம். வெறும் நோட்டீஸ் விதி மட்டும் இருந்தால், அந்த நோட்டீஸ் காலம்தான் இரு தரப்பையும் ஆளும். முதலாளியின் விருப்பத்துக்கு அதில் இடம் குறைவு. விசாரணையைக் காரணம் காட்டி ஒருவரை நிறுத்திவைக்க வேண்டுமானால் அதற்கெனத் தனி அதிகாரம் விதியில் இருக்க வேண்டும்.

2018 டிசம்பரில் ஏர் இந்தியா ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாகச் சொன்னது. ராஜினாமா செய்வது ஊழியரின் உரிமை, விருப்பமில்லாதவரை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பது பொது நெறி. விலக்குகள் சில உண்டு. பணி விதியிலோ நியமனக் கடிதத்திலோ நிபந்தனை இருப்பது ஒன்று. நிலுவையில் உள்ள, அல்லது எடுக்க உத்தேசித்த ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்பிப்பதற்காக ராஜினாமா கொடுப்பது இன்னொன்று. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இரண்டாவது விலக்கை எங்கும் எடுத்துக்காட்டுவார்கள். நான் பார்த்தவரை, அந்த வரியை மட்டும் நம்பி நிற்கும் பதிலைவிட, விதி எண்ணைச் சொல்லி நிற்கும் பதில்தான் நீதிமன்றத்தில் தாக்குப்பிடிக்கும்.

தனியார் நிறுவனத்தில் கதை மாறுவது இங்கேதான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம், நியமனக் கடிதத்தில் 60 நாள் நோட்டீஸ் என்று மட்டும் இருக்கிறது, விசாரணை பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், 'ஏற்கவில்லை' என்ற பதிலுக்கு ஊழியரைக் கட்டிப்போடும் பலம் பெரிதாக இல்லை. தனிநபர் சேவைக்கான ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடாது. நோட்டீஸ் காலம் முடிந்தால் உறவு முடிந்தது. நிறுவனம் நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடலாம், மோசடி என்றால் போலீசில் புகார் கொடுக்கலாம். ராஜினாமா ஏற்கப்பட்டாலும் படாவிட்டாலும் போலீஸ் புகார் அதன் வழியில் போகும், அது வேறு விஷயம். அதே நியமனக் கடிதத்தில், "விசாரணை நிலுவையில் இருக்கும்போது கொடுக்கப்படும் ராஜினாமாவை ஏற்பதை ஒத்திவைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு" என்று ஒரு பத்தி இருந்தால் கணக்கு மாறிவிடும். பலர் அந்தக் கடிதத்தின் சம்பளப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படித்திருப்பதில்லை.

முதலாளிகள் ஏன் இதற்கு மெனக்கெட வேண்டும், போகிறவர் போகட்டும் என்று விடலாமே என்று தோன்றும். பணக் கணக்கைப் பார்த்தால் புரியும். ராஜினாமா ஏற்கப்பட்ட நிமிடத்தில் முதலாளி–ஊழியர் உறவு முடிகிறது. அதன்பிறகு, விதியில் தனியாக வழி வைத்திருந்தால் தவிர, ஒழுங்கு நடவடிக்கையைத் தொடர முடியாது, டிஸ்மிஸ் செய்யவும் முடியாது. டிஸ்மிஸ் செய்ய முடியாவிட்டால் கிராஜுவிட்டியில் கைவைப்பதும் முடியாது. நஷ்டம் விளைவித்த செயலுக்காகவோ அலட்சியத்துக்காகவோ ஒருவரைப் பணிநீக்கம் செய்தால்தான், அந்த நஷ்டத்தின் அளவுக்குக் கிராஜுவிட்டியைப் பறிமுதல் செய்யலாம் என்றது 1972ஆம் ஆண்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. நம் துணை மேலாளரின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 90,000 ரூபாய் என்று வைத்தால், அந்தச் சட்டத்தின்படி அவருக்கு வர வேண்டியது 90,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 14 ஆண்டுகளாலும் பெருக்கிய தொகை. ஏறக்குறைய 7.27 லட்சம். நஷ்டம் 18 லட்சம் என்பதால், குற்றம் நிரூபணமாகி டிஸ்மிஸ் ஆனால் முழுத்தொகையும் போகலாம். ராஜினாமா ஏற்கப்பட்டால் முழுத்தொகையும் அவர் கையில். அந்த நான்கு வரிப் பதிலுக்குப் பின்னால் இருப்பது இந்த 7.27 லட்சம்.

பணத்தைத் தாண்டியும் ஒன்று உண்டு. வங்கி ஒழுங்குமுறைகளில் பெரிய தண்டனைகளிலேயே இரண்டு வகை இருக்கின்றன. 'ரிமூவல்' ஆனவர் வேறு வேலைக்குப் போகத் தடை இல்லை. 'டிஸ்மிஸல்' சாதாரணமாக எதிர்கால வேலைக்கே தகுதியிழப்பு. பேப்பர் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் போய் விழுகிறார்.

ஊழியர்கள் பக்கமும் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. ராஜினாமா செய்தால் டிஸ்மிஸில் போகக்கூடிய எல்லாமே காப்பாற்றப்படும் என்று நினைக்கிறார்கள். மத்திய அரசுப் பணியில் ராஜினாமாவே பழைய சர்வீஸ் முழுவதையும் இழக்கச் செய்யும், ஓய்வூதியம் கிடையாது. அனுமதி பெற்று வேறொரு அரசுப் பதவிக்குப் போவதற்கான ராஜினாமாவுக்குத்தான் விலக்கு. பொதுத்துறை வங்கிகளின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளும் ராஜினாமாவை இப்படித்தான் பார்க்கின்றன. சர்வீஸ் 20 ஆண்டைத் தாண்டியவர்கள் ராஜினாமா என்று எழுதுவதற்கும் விருப்ப ஓய்வு என்று எழுதுவதற்கும் இடையே ஓர் ஆயுள்கால ஓய்வூதியமே இருக்கிறது. கோபத்தில் எழுதிய ஒற்றைப் பக்கத்தால் அதைத் தொலைத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

அரசுத் துறைகளில் மேலதிகாரி நினைத்தபடியெல்லாம் ராஜினாமாவை நிறுத்திவைக்க முடியாது. மத்தியப் பணியாளர் துறையின் 1988ஆம் ஆண்டுக் குறிப்பாணை இதற்கு அளவுகோல் தருகிறது. சஸ்பெண்டில் இருப்பவரின் ராஜினாமாவைப் பொதுவாக ஏற்பது சரியல்ல என்று தொடங்கி, ஏற்கத்தக்க மூன்று சூழல்களையும் அதுவே சொல்கிறது. குற்றச்சாட்டில் ஒழுக்கக்கேடு இல்லாதது, பணிநீக்கம் வரை போகுமளவுக்குச் சாட்சியம் வலுவாக இல்லாதது, விசாரணை அவ்வளவு நீளும் என்பதால் ராஜினாமாவை ஏற்பதே அரசு கஜானாவுக்கு மலிவு என்பது. மூன்றாவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அரசாங்கமே தன் விசாரணைகளின் வேகத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த இடங்கள் குறைவு.

பதிலை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்களையும் பார்த்துவிடலாம். ஒழுங்காக எழுதிய பதிலில் ராஜினாமா கிடைத்த தேதி, நிலுவையில் உள்ள நோட்டீஸின் எண்ணும் தேதியும், எந்த விதிப்படி ஒத்திவைக்கப்படுகிறது என்பது, அதுவரை எங்கே பணிக்கு வர வேண்டும் என்பது எல்லாம் இருக்கும். முக்கியமாக, அதில் தீர்ப்பு இருக்காது. "நீங்கள் வங்கியை ஏமாற்றிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பதால் ஏற்க இயலாது" என்று எழுதிவிட்டால், விசாரணை தொடங்கும் முன்பே முடிவெடுத்தாகிவிட்டது என்று ஊழியரின் வழக்கறிஞர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய சறுக்கல், காகிதத்தில் ஒன்றும் நடைமுறையில் வேறொன்றும் செய்வது. ஒரு பக்கம் ஏற்கவில்லை என்று கடிதம், மறுபக்கம் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வது, கணக்குத் தீர்த்துச் செட்டில்மென்ட் போடுவது, வருகைப் பதிவிலிருந்து பெயரை எடுப்பது. இவையெல்லாம் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதற்கான சாட்சியங்கள் என்று ஊழியர் வாதாடலாம். மென்பொருள் நிறுவனங்களில் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. ராஜினாமா கணினியில் பதிவானதும் டீம் மேலாளருக்கு ஒரு பொத்தான் வரும், அவர் விவரம் தெரியாமல் 'அப்ரூவ்' அழுத்திவிடுவார். மறுநாள் மனிதவளத் துறை 'ஏற்கவில்லை' என்று மின்னஞ்சல் அனுப்பும். ஏற்கும் அதிகாரம் டீம் மேலாளருக்கு உண்டா இல்லையா என்பதே பிறகு தனி வழக்காகிவிடும்.

முதலாளிகள் சட்டென்று மறந்துவிடும் இன்னொன்று, ராஜினாமா ஏற்கப்படவில்லை என்றால் அவர் இன்னும் ஊழியர் என்பது. வேலைக்கு வந்தால் முழுச் சம்பளம். சஸ்பெண்டில் வைத்திருந்தால் பிழைப்பூதியம். நிலையாணைகள் பொருந்தும் தொழிலகங்களில் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அதன்பின், தாமதம் ஊழியரால் ஏற்படவில்லை என்றால், முக்கால் பங்கு. இதைக் கொடுக்காமல் விசாரணை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு கோலார் தங்கவயல் வழக்கு சாட்சி. பாரத் கோல்ட் மைன்ஸின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் 1985இல் சஸ்பெண்ட் ஆனார். கேரளத்தில் சொந்த ஊருக்குப் போய்விட்ட அவரிடம், பிழைப்பூதியம் வராததால் கோலாருக்கு வந்து விசாரணையில் கலந்துகொள்ளக்கூடப் பணம் இல்லை. அவர் இல்லாமலே விசாரணை நடத்தி டிஸ்மிஸ் செய்தார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம், பிழைப்பூதியம் தராமல் நடத்திய அந்த ஒருதலைப்பட்ச விசாரணை செல்லாது என்றது.

காலக்கெடுவும் அப்படித்தான். விசாரணை முடியும்வரை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் விசாரணை அதிகாரியையே நியமிக்காமல் இருக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கைகளை இயன்றவரை ஆறு மாதத்துக்குள்ளும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஓராண்டுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓராண்டைத் தாண்டினாலே எல்லாம் தானாக ரத்தாகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால், உயர் நீதிமன்றத்துக்குப் போய் "இத்தனை நாளுக்குள் முடியுங்கள், இல்லையேல் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்க வலுவான பிடி கிடைத்துவிடும்.

நம் துணை மேலாளரிடம் வருவோம். மார்ச் 21ஆம் தேதிப் பதிலைப் பார்த்ததும் அவர் புதுவேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்த நோட்டீஸில் இரண்டு குற்றச்சாட்டுகள் கூடுதலாக வரும்: அனுமதியின்றிப் பணிக்கு வராதது, வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தது. கவரிங் நகை விஷயத்தில் அவர் தரப்பு எடுபட வாய்ப்பு இருந்தது. இந்த இரண்டுக்கும் வாதமே கிடையாது. தனியார் துறையில் இருப்பவருக்கு வேறொரு சிக்கல். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டுவிட்டால், இரண்டு நிறுவனங்களில் ஒரே நேரத்தில் வேலை பார்த்தது போலப் பதிவு காட்டும். கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து ஊழியரே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு வழியும் துணை மேலாளருக்கு உண்டு. ஏற்கப்படாத ராஜினாமாவை அவர் திரும்பப் பெறலாம். கொங்கண் ரயில்வே ஊழியர் ஒருவர் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. ராஜினாமாவை ஏற்றுவிட்டதாக நிர்வாகம் சொன்னது, ஆனால் அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை. அதற்குள் அவர் திரும்பப் பெற்றிருந்தார். ஊழியர் பக்கம் தீர்ப்பானது. அப்படியென்றால், 'இன்னும் ஏற்கவில்லை' என்று முதலாளி எழுதிய கடிதம், மனம் மாற ஊழியருக்கு அவரே கொடுத்த அவகாசமும்கூட.

இப்படி ஒரு பதில் உங்களுக்கு வந்தால், அன்றைக்கே சண்டைக்கு நிற்காதீர்கள், வேலைக்குப் போவதையும் நிறுத்தாதீர்கள். எந்த விதியின் கீழ் ராஜினாமா ஒத்திவைக்கப்படுகிறது, அந்த விதியின் நகல் வேண்டும், விசாரணை அதிகாரி யார், முதல் அமர்வு எந்தத் தேதி என்று நான்கு கேள்விகளை எழுதி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு தருவேன், விரைந்து முடித்துத் தாருங்கள் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். புது நிறுவனத்திடம் சேரும் தேதியைத் தள்ளிவைக்கும்படி இப்போதே கேளுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய நிறுவனத்தில் விசாரித்து அவர்களாகத் தெரிந்துகொண்டால் அந்த வேலையும் போய்விடும்.